நாற்பது கடை என்ற கணக்கு எங்கே உடைகிறது?

ஒரு சேல்ஸ்மேனின் லைன் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, மாலை ஐந்தே முக்கால் மணிக்கு மேல் அவருடைய செல்போன் செயலியில் ஏறியிருக்கும் பதிவுகளைப் பார்த்தால் போதும். காலையில் கடைக்குக் கடை பத்து, பன்னிரண்டு நிமிட இடைவெளியில் நிதானமாக நகர்ந்த பதிவு மாலையில் திடீரென்று வேகம் பிடிக்கும். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு கடைகள். பன்னிரண்டிலும் ‘ஆர்டர் இல்லை.’ அதோடு அன்றைய நாற்பது முடிந்துவிடும்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் இதற்கு உடனே வைக்கும் பெயர் ஏமாற்று வேலை. சில நேரம் அது உண்மைதான். ஆனால் ஒரே லைனில், ஆள் மாறிய பிறகும், அதே கடைசிப் பன்னிரண்டு கடைகள் வாராவாரம் வெறுமையாக நிற்கின்றன என்றால் குற்றம் ஆளிடம் இல்லை. அந்தக் கடைகளுக்குப் போய்ச் சேர நாளில் நேரமே இல்லை. நாற்பது என்ற எண்ணை யாரோ முதலில் எழுதிவிட்டு, அதற்குள் ஊரையும் சாலையையும் கடைக்காரரையும் திணித்திருக்கிறார்கள்.

சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, மசாலாப் பொடி போன்ற அன்றாடப் பொருள்களை விற்கும் நிறுவனங்கள் சில்லறைக் கடைகளை எட்டுவது ஊருக்கு ஊர் இருக்கும் விநியோகஸ்தர்கள் மூலம். விநியோகஸ்தரிடம் இருக்கும் சேல்ஸ்மேன் திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு ஒரு பகுதி என்று போய் ஆர்டர் எடுப்பார். மறுநாள் அதே வழியில் வண்டி போய்ச் சரக்கை இறக்கும். இந்த நாள்வாரி வழித்தடத்தை நிறுவனத்தார் ‘பீட்’ என்பார்கள், தெருவில் ‘லைன்’. திங்கட்கிழமை லைன், செவ்வாய்க்கிழமை லைன் என்று கடைக்காரருக்கும் அது மனப்பாடம். அதைப் போடும் வேலை பல இடங்களில் ஒரு மாலைப் பொழுதில், பழைய கடைப் பட்டியலை ஆறாக வகுத்து முடிந்துவிடுகிறது.

சரியாகப் போடுவது எப்படி? ஒரு கணக்கை எடுத்து முழுதாகச் செய்து பார்க்கலாம். இடம் கும்பகோணம், விநியோகஸ்தரும் சேல்ஸ்மேனும் கணக்குக்காக வைத்துக்கொண்டவர்கள். கடை எண்ணிக்கையும் நிமிடங்களும் அப்படியே. ஆனால் ஊர் நிஜம், சாலைகள் நிஜம்.

அந்த ஒரு சேல்ஸ்மேனிடம் 310 கடைகள் இருக்கின்றன. நகரத்துக்குள் 140, சுற்றுப்புற ஊர்களில் 170. முதல் கேள்வி, எந்தக் கடைக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை போக வேண்டும் என்பது. பொதுவாக இதை விற்பனைத் தொகையை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். அதிகம் வாங்கும் கடைக்கு வாரம் ஒரு முறை, குறைவாக வாங்கும் கடைக்கு மாதம் ஒரு முறை. பார்க்க நியாயமாகத் தோன்றும் இந்த விதி கடைத்தெருவில் தவறிப்போகும். பெட்டிக்கடைக்காரர் வாரத்துக்கு 600 ரூபாய்க்குத்தான் வாங்குவார். பதினைந்து நாள் சரக்கை ஒரே மொத்தமாக வாங்கிப் போட அவரிடம் முதலும் இல்லை, அலமாரியும் இல்லை. அவரிடம் இருபது நாள் கழித்துப் போனால் பத்து நாளாகப் பொருள் தீர்ந்து கிடக்கும். வாடிக்கையாளர் வேறு பிராண்டுக்குப் பழகியிருப்பார். பின்கட்டில் கிடங்கு வைத்திருக்கும் பெரிய மளிகைக் கடையோ மாதத்துக்கு 20,000 ரூபாய்க்கு வாங்கினாலும் அதை இரண்டே தவணையில் வாங்கிவிடும். வாராவாரம் அங்கே போய் நின்றால் பாதி நாள் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது தொகையை மட்டும் அல்ல. சரக்கு எத்தனை நாளில் தீர்கிறது, அதைத் தாங்கக் கடையில் எவ்வளவு பணமும் இடமும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பழைய பில்களே சாட்சி சொல்லும். ஒரு கடைக்குப் போகும்போதெல்லாம் முக்கியமான பொருள் தீர்ந்து கிடந்தால் போவது போதவில்லை. போனதில் பாதி முறை பில் விழவில்லை என்றால் அளவுக்கு மேல் போகிறோம்.

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பேராசிரியர் லியனார்ட் லோடிஷ். 1971-இல் அவர் வெளியிட்ட ‘கால்பிளான்’ என்ற கணினித் திட்டம் சேல்ஸ்மேனின் அறிவையே மூலதனமாகக் கொண்டது. இந்த வாடிக்கையாளரிடம் நீங்கள் போகவே இல்லை என்றால் எவ்வளவு விற்கும்? இப்போது போவதில் பாதி மட்டும் போனால்? ஒன்றரை மடங்கு போனால்? எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம் என்றால் அதிகபட்சம் எவ்வளவு? சேல்ஸ்மேன் சொல்லும் பதில்களை வைத்து, கூடுதலாகப் போகும் ஒரு முறை எங்கே அதிகம் பயன் தரும் என்று கணினி கணக்கிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் இதைவிடத் தெளிவான கேள்விகள் இந்தத் துறையில் இல்லை. இதைக் கேட்கக் கணினி கூடத் தேவையில்லை. பத்து ஆண்டுகளாக லைன் போகும் ஒருவரை உட்காரவைத்து, கடைப் பட்டியலை வாசித்துக்கொண்டே போனால் அரை நாளில் முடியும். ஆச்சரியம் என்னவென்றால், லைன் போடும்போது யாரும் அவரைக் கேட்பதே இல்லை.

கும்பகோணம் சேல்ஸ்மேனிடம் அப்படிக் கேட்டு வகுத்ததாக வைத்துக்கொள்வோம். நகரத்தில் 10 மொத்தக் கடைகள் வாரம் இரு முறை, 70 கடைகள் வாரம் ஒரு முறை, 60 கடைகள் இரு வாரத்துக்கு ஒரு முறை. வாரத்துக்கு 20, 70, 30 என்று மொத்தம் 120 முறை கடையேற வேண்டும். வெளியூர்களில் 40 கடைகள் வாரம் ஒரு முறை, 70 கடைகள் இரு வாரத்துக்கு ஒரு முறை, 60 கடைகள் நான்கு வாரத்துக்கு ஒரு முறை. அது 40, 35, 15, மொத்தம் 90. இரண்டும் சேர்த்து வாரத்துக்கு 210. ஆறு நாளால் வகுத்தால் நாளுக்கு 35. நிறுவனம் கேட்கும் நாற்பதைவிடக் குறைவுதானே, தாராளமாக முடியும் என்று தோன்றும். இந்த இடத்தில் பேனாவை மூடிவைப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்து நேரத்தை எடுத்துக்கொள்வோம். பத்து மணிக்கு முதல் கடை, ஆறரைக்கு முடிவு, நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். கையில் இருப்பது 465 நிமிடங்கள். ஒரு கடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊகிக்கக் கூடாது. சேல்ஸ்மேனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஒரு நகர லைனும் ஒரு வெளியூர் லைனும் முழுதாகப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கடைக்காரர் வேறு வாடிக்கையாளருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்து முடிக்கும் வரை காத்திருப்பது, போன வாரப் பாக்கியை வசூலிப்பது, காலாவதிப் பொருளைத் திரும்ப எடுப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான் வரும்.

நம் கணக்கில், நகரத்துச் சாதாரணக் கடையில் 8 நிமிடமும், மொத்தக் கடையில் 20 நிமிடமும் ஆகின்றன. கடையிலிருந்து கடைக்குப் போக 2 நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கடைக்கு 12 நிமிடம். 465-ஐ 12-ஆல் வகுத்தால் 38 கடைகள். வெளியூர் நாளில் போக வர ஒரு மணி நேரம் கழிந்துவிடும். மீதி 405 நிமிடம். அங்கே கடைகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. இடைப்பயணம் நாலரை நிமிடம், கடைக்குள் 9 நிமிடம். ஆக, கடைக்குப் பதிமூன்றரை. நாளுக்கு 30 கடைகளுக்கு மேல் முடியாது.

மூன்று நகர நாள், மூன்று வெளியூர் நாள் என்று பிரித்தால் முடிவது 114-உம் 90-உம், மொத்தம் 204. தேவை 210. வெளியூரில் கணக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாமல் நேராகிறது. நகரத்தில் ஆறு கடை இடிக்கிறது. நாளுக்கு 35 என்ற சராசரி மறைத்துவைத்திருந்தது இதைத்தான்.

நிறுவனம் கேட்கும் 40-ஐ வெளியூர் லைனில் அப்படியே வைத்தால் என்ன ஆகும்? கடைக்குப் பதிமூன்றரை நிமிடம் என்றால் 40 கடைக்கு 540 நிமிடம். போக வர 60, சாப்பாட்டுக்கு 45. பத்து மணிக்குத் தொடங்கியவர் வேலையை முடிக்கும்போது இரவு 8.45. ஆறரைக்கே முடிக்க வேண்டும் என்றால், கடைக்குள் நிற்கும் நேரம் 9 நிமிடத்திலிருந்து ஐந்தரைச் சொச்சமாகச் சுருங்கும். சுருங்கும்போது முதலில் போவது புதுப் பொருளைக் காட்டுவது. அடுத்து அலமாரியில் என்ன தீர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. கடைசியில், கடைக்காரர் வாயால் கேட்டதை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பும் வேலையே மிஞ்சும். விற்பனை வளரவில்லை என்று மறுமாதக் கூட்டத்தில் கேட்பவர்கள் அந்த மூன்றரை நிமிடத்தைத்தான் தேட வேண்டும்.

நகரத்தில் இடிக்கும் ஆறு கடைக்கு வருவோம். உடனே தோன்றும் வழி, வாரம் ஒரு முறை போகும் 70 கடைகளில் பலவீனமான 12 கடைகளை இரு வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றுவது. வாரத்துக்கு ஆறு முறை குறைந்துவிடும். கணக்கு நேர்.

ஆனால் கடைகளை எண்ணுவதை விட்டு நிமிடங்களை எண்ணினால் வேறொரு வழியும் தெரியும். 120 முறைக்குத் தேவை 1,440 நிமிடம். மூன்று நகர நாளில் இருப்பது 1,395. குறைவது 45 நிமிடம்தான். ஒரு மொத்தக் கடைக்குப் போய் வர, நடையோடு சேர்த்து 22 நிமிடம் ஆகிறது. வாரத்தின் இரண்டாவது முறையை மூன்று மொத்தக் கடைகளுக்கு மட்டும் போனில் முடித்துக்கொண்டால் 66 நிமிடம் மிச்சம். பன்னிரண்டு சிறு கடைகளின் முறையைக் குறைத்தால் கிடைப்பதோ 60 நிமிடம். மூன்று போன் அழைப்புகள் பன்னிரண்டு கடைகளுக்குச் சமமாகின்றன. எந்தப் பொருள், எத்தனை பெட்டி, என்ன விலை என்று மொத்தக் கடைக்காரர் போனிலேயே பேசி முடிக்கக்கூடியவர். பெட்டிக்கடைக்காரர் அப்படி அல்ல. கண்ணெதிரே ஆள் வந்து நின்றால்தான் அவருக்கு ஆர்டர் நினைவுக்கு வரும்.

இரண்டையும் செய்துவிடுவதே நல்லது. மிச்சமாகும் 126 நிமிடத்தில் குறை 45 போக 81 நிமிடம் கையில் நிற்கும். நாளுக்கு 27 நிமிடம். வெளியூரிலும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை போகும் 60 கடைகளில் 24-ஐ அந்தந்த ஊர் மொத்தக் கடையிடமே விட்டுவிட்டால் வாரத்துக்கு ஆறு முறை குறையும். அங்கேயும் அதே 81 நிமிடம் மீதி. இந்த அரை மணி நேரம் வீணாகும் நேரம் அல்ல. மழை, பஞ்சர், பாக்கிக்கு அரை மணி காத்திருக்கச் சொல்லும் கடைக்காரர், சாவு வீட்டுக்காக மூடிய கடைத்தெரு எல்லாம் வருவது இதற்குள்தான். நிமிடம் நிமிடமாக நிரப்பிய லைன் ஐப்பசி மழையின் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும்.

இனி கடைகளை நாள்களில் வைக்க வேண்டும். மொத்தக் கடைகளுக்கு வாரம் இரு முறை என்றால் இடைவெளி மூன்று நாள், நான்கு நாள் என்று விழ வேண்டும். திங்களும் வியாழனும் பொருந்தும். திங்களும் செவ்வாயும் வைத்தால் இரண்டாவது முறை வெறும் வருகைப் பதிவாகத்தான் இருக்கும். ஆகவே திங்களும் வியாழனும் நகரத்துக்கு. இரு நாளும் காலையில் மொத்தக் கடைகள், பிறகு நாளுக்கொரு பக்கத் தெருக்கள். மூன்றாவது நகர நாள் சனி. சனிக்கிழமை எடுக்கும் ஆர்டருக்கு வண்டி திங்கள்தான் போகும் என்பதால், ஞாயிறு வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைகளைச் சனியில் வைக்கக் கூடாது.

செவ்வாய், புதன், வெள்ளி வெளியூர். மயிலாடுதுறை சாலையில் திருவிடைமருதூர், ஆடுதுறை ஒரு நாள். தஞ்சாவூர் சாலையில் தாராசுரம், சுந்தரப்பெருமாள்கோயில், பாபநாசம் ஒரு நாள். திருவாரூர் பக்கம் நாச்சியார்கோயில், குடவாசல் ஒரு நாள். இந்தப் பிரிவு வரைபடத்தில் நேர்கோடு போட்டுச் செய்ததல்ல. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் இருக்கும் ஊர். சுற்றிலும் ஆறும் வாய்க்காலும். வரைபடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டராகத் தெரியும் எதிர்க்கரைக் கடைக்குப் பாலம் சுற்றிப் போனால் அதைப் போல் பல மடங்கு ஆகிவிடும். கணினியில் புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து லைன் போடும் மென்பொருள்களில் பல, நேர்தூரத்தை வைத்தே பிரிக்கின்றன. டெல்டா மாவட்டங்களில் அப்படிப் பிரித்த லைனை யாராவது ஒரு முறை வண்டியில் ஓட்டிப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இரு வாரத்துக்கு ஒரு முறை போகும் கடைகளில் இன்னொரு தவறு நடக்கும். பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்றாக, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று பிரித்துவிடுவார்கள். எண்ணிக்கை சமமாகும், ஆனால் இரண்டு வாரமும் எல்லாத் தெருவையும் சுற்ற வேண்டியிருக்கும். மாறாக, வாராவாரம் போகும் கடைகளை முதுகெலும்பாக வைத்து, கிழக்குப் பக்கக் கிளைச் சாலைகளை ஒரு வாரமும் மேற்குப் பக்கத்தை மறு வாரமும் சேர்த்தால் பாதிச் சுற்று மிச்சம்.

ஒரு நாளுக்குள் எந்தக் கடை முதலில், எது பிறகு என்பதில் பலர் தேவைக்கு மேல் மூளையைச் செலவழிக்கிறார்கள். பத்துக் கடைகளுக்குப் போகும் வரிசையை 36 லட்சத்துக்கு மேற்பட்ட விதங்களில் அமைக்கலாம் என்பது கணிதத்தில் புகழ்பெற்ற விஷயம்தான். 1954-இல் டான்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் என்ற மூவர் 49 அமெரிக்க நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடித்தது பெரிய சாதனையாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் கடைத்தெருவில் கடைகள் தெருவை ஒட்டியே இருக்கின்றன. ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பினாலே ஏறக்குறையச் சரியான வழி. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது தூரத்தைவிடக் கடைக்காரரின் நேரம்.

மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு நான்கு மணிக்குத் திறக்கும் கடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்காக மூடும் கடைகள் இருக்கின்றன. அந்த வரிசையில் பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கையிலிருந்து பணம் கொடுக்க விரும்பாத வியாபாரிகள் நம் ஊர்களில் நிறையப் பேர். விளக்கு வைத்த பிறகு எந்த நாளிலும் பணம் எடுக்காதவர்களும் உண்டு. நம் வெளியூர் லைன்களில் இரண்டு அந்த நாள்களில்தான் விழுகின்றன. ஆகவே பாக்கி அதிகம் நிற்கும் ஊரைப் புதனில் வைக்க வேண்டும். இந்த விவரம் எந்த மென்பொருளிலும் வராது; லைன் போகிறவருக்குக் கடை கடையாகத் தெரியும்.

இவ்வளவும் செய்து முடித்தால் வரும் தினசரி இலக்கு ஒரே எண்ணாக இருக்காது. நகர நாளுக்குச் சராசரியாக 37 கடைகள், வெளியூர் நாளுக்கு 28. வாரத்துக்கு 195. நாற்பதோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அந்த 195-உம் நிஜமாகக் கடையேறியவை.

போட்ட லைன் சரிதானா என்பதை மூன்று, நான்கு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். செயலியில் பதிவான நேரத்தை மணிவாரியாக அடுக்கினால், காலைக்கும் மாலைக்கும் கடை எண்ணிக்கையில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. லைனின் கடைசிப் பத்துக் கடைகளில் பில் விழும் விகிதம் முதல் பத்துக் கடைகளைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் நாள் இன்னும் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கிறது. அப்போது கடைசியில் இருப்பவற்றை ஒரு வாரம் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். பில் விழுந்தால் கடை நல்ல கடை, நேரம்தான் இல்லை. அப்போதும் விழாவிட்டால் அந்தக் கடைக்குப் போகும் முறையைக் குறைக்கலாம். சேல்ஸ்மேன் கடையில் இல்லாமலேயே பதிவு செய்கிறார் என்று செயலி காட்டும்போதும் ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது நியாயம். கடையின் இருப்பிடத்தை முதன்முதலில் பதிவு செய்தவர் டீக்கடையில் உட்கார்ந்து இருபது கடைகளை ஒரே இடத்தில் குறித்திருந்தால், நேர்மையாகக் கடைக்குப் போகிறவர்தான் தவறானவராகத் தெரிவார்.

லைனை அடிக்கடி மாற்றுவதும் கேடு. செவ்வாய்க்கிழமை ஆள் வருவார் என்று தெரிந்தால் கடைக்காரர் பட்டியலும் பணமும் எடுத்துவைப்பார். அந்தப் பழக்கம் படியச் சில வாரங்கள் ஆகும். குறைந்தது ஒரு காலாண்டுக்காவது லைனில் கைவைக்காமல் விட வேண்டும். ஒரு செவ்வாய் விடுமுறையில் போய்விட்டால், அந்தக் கடைகளைப் புதன் தலையில் கட்டிப் புதனையும் கெடுத்துவிடக் கூடாது. வாராவாரக் கடைகளில் முக்கியமானவற்றுக்குப் போன் செய்து ஆர்டர் வாங்கிக்கொண்டு, மற்றவற்றை அடுத்த செவ்வாய்க்கு விட்டுவிடலாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் மட்டும் விதிவிலக்கு. அப்போது ஒவ்வொரு கடையிலும் நேரம் கூடும் என்பதால், கடை எண்ணிக்கையைக் குறைத்துத் தனி லைன் போட வேண்டும்.

விற்பனை மேலாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். அடுத்த காலாண்டுக்கான தினசரி இலக்கை எழுதுவதற்கு முன், உங்கள் பகுதியிலேயே தூரமான வெளியூர் லைனில் ஒரு நாள், சேல்ஸ்மேனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பத்து மணி முதல் கடைசிக் கடை வரை கடிகாரத்தோடு போய் வாருங்கள். இலக்கை அதற்குப் பிறகு எழுதுங்கள்.